பாடத்துக்கு நடுவில் கேட்ட கேள்விக்கு எல்லாரும் சரி, நோட்டில் பாதிப் பேர் தப்பு (7ஆம் வகுப்பு, தசம எண்கள்)

வால்பாறை_டீச்சர்

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தசம எண்களில் இடமதிப்பு முடித்துவிட்டு, ஒப்பிடுதலுக்குப் போவதற்கு முன்னால் புரிந்திருக்கிறதா என்று பார்க்க போர்டில் ஒரு கேள்வி போட்டேன்.

மிகப் பெரிய எண் எது?
அ) 0.7  ஆ) 0.45  இ) 0.312  ஈ) 0.05

கிட்டத்தட்ட எல்லாக் கையும் 'அ'வுக்குத் தூக்கியது. சரி, புரிந்துவிட்டது என்று அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் நோட்டைத் திருத்தினால் 0.3 > 0.62, 0.5 > 0.81 என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கிற பிள்ளைகள் இல்லை, நன்றாகப் படிக்கிறவர்களும்தான்.

என் கேள்வியில் என்ன கோளாறு? தப்பு விடைகளை எப்படி யோசித்து எழுதுவது? எனக்கு வருவதெல்லாம் எண்ணை மாற்றிப் போடுவது மட்டும்தான்.

---

பிஎட்_பெஞ்ச்

டீச்சர், ஆப்ஷன் எல்லாம் ரொம்ப ஈஸியா இருக்கு. 0.05-ஐ யார் தொடுவாங்க? தப்பு விடை சரியான விடைக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 0.7, 0.69, 0.71, 0.699 இப்படிப் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு.

---

சுண்ணக்கட்டி

டீச்சர், உங்கள் பிள்ளைகளில் பலர் 'அ' போட்டது உங்கள் பாடத்தை வைத்துத்தான். அதுதான் இதில் வேடிக்கை.

பத்தில் ஒன்று பெரியது, நூறில் ஒன்று அதைவிடச் சிறியது, ஆயிரத்தில் ஒன்று அதைவிடவும் சிறியது என்று அப்போதுதான் சொல்லியிருப்பீர்கள். பிள்ளை அதை ஒரு படி நீட்டிக்கொள்கிறது: புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் இருந்தால் அது 'பத்தில் ஒன்று' எண், இரண்டு இருந்தால் 'நூறில் ஒன்று' எண், ஆகவே ஓர் இலக்க எண்தான் எப்போதும் பெரியது. இந்தக் கணக்கில் 0.3 என்பது 0.62-ஐ விடப் பெரியதுதான். உங்கள் கேள்வியில் சரியான விடையான 0.7 இருப்பதிலேயே குட்டையான எண். புரிந்த பிள்ளையும் 'அ' போடும், குட்டைதான் பெரிசு என்று நினைக்கும் பிள்ளையும் 'அ' போடும். கை தூக்கியவர்களில் யார் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இதற்கு நேர் எதிர் ரகமும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகவே படிப்பார்கள். 0.312 என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு, 0.7 என்றால் வெறும் ஏழு. அவர்களுக்கு நீளம்தான் பெரிசு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லே இருவரும் பல ஆண்டுகள் இதை மட்டுமே தோண்டியிருக்கிறார்கள். எண் ஜோடிகளைக் கொடுத்து 'இதில் எது பெரியது' என்று கேட்டு, எந்தெந்த ஜோடியில் பிள்ளை தப்புகிறது என்பதை வைத்தே அது எந்த விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது இந்த மூன்று எண்களைப் பாருங்கள்.

மிகப் பெரிய எண் எது?
அ) 0.436  ஆ) 0.5  இ) 0.62

நீளம் பெரிசு என்கிறவர் 'அ' போட்டாக வேண்டும். குட்டை பெரிசு என்கிறவர் 'ஆ' போட்டாக வேண்டும். இரண்டு விதியுமே 'இ'க்குக் கொண்டுபோகாது, ஏனென்றால் அது நடு நீளம். நான் கேள்வி எழுதும்போது செய்வது இவ்வளவுதான்: தப்பு விதியைப் பிடித்து அதன்படி நானே கணக்குப் போட்டு, எங்கே போய் நிற்கிறேனோ அதை ஆப்ஷனாக வைப்பேன். பிறகு ஒவ்வொரு தப்பு விதியையும் எடுத்துக்கொண்டு, 'இதை வைத்துச் சரியான விடைக்கு வர முடியுமா' என்று திரும்பப் பார்ப்பேன். வர முடிந்தால் எண்ணை மாற்றிவிடுவேன். இரண்டாவது பார்வையைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை.

பிஎட் தம்பிக்கு: நீங்கள் கொடுத்த நான்கு எண்களும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் இல்லை. 0.699 நீளமாக இருக்கிறது, 0.7 குட்டையாக இருக்கிறது, சரியான 0.71 நடுவில் மாட்டியிருக்கிறது, அதனால்தான். 'பக்கத்தில் இருக்கணும்' என்பதை மட்டும் வைத்து 0.68, 0.69, 0.70, 0.71 என்று போட்டிருந்தால், புள்ளியையே பார்க்காத பிள்ளை கூட 71 பெரிசு என்று சரியாகப் போட்டிருக்கும்.

---

பிஎட்_பெஞ்ச்

ஐயா, அந்த 0.69-ஐ யாரும் தொட மாட்டாங்கன்னு இப்பப் புரியுது. சும்மா இடத்தை அடைச்சிட்டு நிக்குது.

---

என்எம்எம்எஸ்_அப்பா

நல்ல திரி. என் பொண்ணு எட்டாவது, இந்த வருஷம் என்எம்எம்எஸ் எழுதப் போகிறாள். அதில் ஆப்ஷன் எல்லாம் குழப்புகிற மாதிரியேதான் இருக்கும். பள்ளியில் இப்போதிருந்தே 'மேற்கண்ட அனைத்தும்', 'எதுவுமில்லை', 'எது தவறானது' என்றெல்லாம் போட்டுப் பழக்கினால் நல்லதுதானே? வகுப்புக் கேள்வி ஈஸியாக இருந்தால் பரீட்சையில் திணறுவார்கள். ஆப்ஷனைப் பார்த்தே விடையைக் கண்டுபிடிக்க ஏதாவது குறுக்கு வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

வால்பாறை_டீச்சர்

சார், நான் கேட்பது பரீட்சைக்கு இல்லை. எஃப்ஏ (பி) மதிப்பெண்ணுக்கும் இல்லை. இந்தக் கேள்விக்கு மார்க்கே கிடையாது. அடுத்த பத்து நிமிஷத்தில் நான் முன்னால் போவதா, நின்று திரும்பச் சொல்வதா என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குறுக்கு வழி தெரிந்த பிள்ளை அதில் புகுந்து வெளியே வந்துவிட்டால் நான் ஏமாந்துவிடுவேன்.

சுண்ணக்கட்டி ஐயா, அந்தக் கேள்வியை அடுத்த செக்‌ஷனில் போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். கை தூக்கச் சொன்னால் முன் பெஞ்சு தூக்குவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குகிறார்கள்.

---

சுண்ணக்கட்டி

'அ'வுக்கு ஒரு விரல், 'ஆ'வுக்கு இரண்டு, 'இ'க்கு மூன்று. கண்ணை மூடச் சொல்லி, நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேலே தூக்கினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். யோசிக்க ஒரு நிமிஷம் போதும், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். முப்பது நாற்பது பேரை ஒரு சுற்றுப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. எண்ணவும் வேண்டாம், எந்த விரல் அதிகம் என்று கண்ணுக்கே தெரியும்.

---

மட்டக்களப்பான்

வணக்கம். இங்க சாதாரண தரத்தில பல்தேர்வு வினாவுக்கு நாலு விடை, உயர்தரத்தில விஞ்ஞானப் பாடங்களுக்கு அஞ்சு. மூண்டு விடை மட்டும் வச்சா மூண்டில ஒருத்தன் குருட்டுவாக்கில சரியாப் போட்டிடுவானே? இதை எப்படி நம்புறது?

---

சுண்ணக்கட்டி

நாலாவது விடைக்கும் பின்னால் ஒரு நிஜமான தப்பு இருந்தால் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் அது டீச்சர் போட்ட 0.05 போலத்தான், யாரும் தொடாத விடை. தொடாத விடை காகிதத்தில் நாலு, நடைமுறையில் மூன்று. மைக்கேல் ரோட்ரிகஸ் என்பவர் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் எழுதிய கட்டுரையும் பெரும்பாலான இடத்தில் மூன்றே போதும் என்றுதான் முடித்தது. அது தேர்வுகளைப் பற்றியது, ஆனாலும் காரணம் இங்கேயும் பொருந்தும்.

குருட்டுவாக்கு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு நான் ஆப்ஷனைக் கூட்ட மாட்டேன், கேள்வியைக் கூட்டுவேன். இரண்டு கேள்வி அடுத்தடுத்துப் போட்டால் இரண்டையும் குருட்டுவாக்கில் சரியாகப் போடுவது ஒன்பதில் ஒரு வாய்ப்புதான்.

---

மட்டக்களப்பான்

ஒன்பதில் ஒண்டு சரி. அப்ப ரெண்டாவது கேள்வியில 'மிகச் சிறியது எது' எண்டு கேட்டா என்ன? 0.4, 0.35, 0.672. சரி 0.35. நீளம் பெரிசு எண்டவன் 0.4 தான் சின்னது எண்டுவான். குட்டை பெரிசு எண்டவன் 0.672 சின்னது எண்டுவான். உங்கட முறைப்படியே போட்டிருக்கிறன்.

---

கயத்தாறு_கணக்கு

மட்டக்களப்பார் கணக்கு சரிதான், ஆனா ஒரு ஓட்டை இருக்கு. முதல் கேள்வியில 'பெரியது' கேட்டுட்டு அடுத்ததுல 'சிறியது'ன்னா, அவசரத்துல பாதிப் பய திரும்பவும் பெரியதைத்தான் தேடுவான். நல்லாப் புரிஞ்ச பையன் 'சிறியது'ங்கிற சொல்லைப் பார்க்காம 0.672-ன்னு போடுவான். நீங்க அவனைக் குட்டை பெரிசு கட்சியில சேர்த்துருவீங்க. ஒரே விடைக்கு ரெண்டு காரணம் இருந்தா அந்த ஆப்ஷன் உங்களுக்கு ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம்.

இதே காரணத்துக்காகத்தான் 'எது தவறானது' கேள்வியை நான் பாடத்துக்கு நடுவுல போடுறதே இல்ல. கணக்கு தெரியலையா, சொல்லைப் படிக்கலையான்னு பிரிக்க முடியாது.

---

மட்டக்களப்பான்

ஓம், அது விளங்குது. 'சிறியது'க்குக் கீழ கோடு போட்டாலும் சரிவராதோ?

---

கயத்தாறு_கணக்கு

கோடு போட்டா குறையும், போகாது. ரெண்டுலயும் 'பெரியது'ன்னே கேட்டுட்டு எண்ணை மட்டும் மாத்துங்க. ஆனா ரெண்டுலயும் நடு நீளமே சரின்னு வச்சீங்கன்னா நம்ம பிள்ளைங்க அதையும் மோப்பம் பிடிச்சிருவாங்க. ரெண்டாவதுல 0.4, 0.38, 0.512 வையுங்க. இதுல நீளமானதே சரி. தனியாக் கேட்டா நீளம் பெரிசுன்னு நினைக்கிறவனும் தப்பிச்சிருவான், ஆனா முதல் கேள்வியில அவன் ஏற்கெனவே 0.436 போட்டு மாட்டியிருப்பான். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

---

தமிழய்யா

கணக்கு ஆசிரியர்களுக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆப்ஷனே விடையைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு வழி நம் மொழியிலேயே இருக்கிறது. அறிவியல் வினாத்தாள் ஒன்றில் பார்த்தேன்: 'உரத் தொழிற்சாலைகளில் ______வைப் பயன்படுத்துகின்றனர்.' கீழே நைட்ரஜன், ஹைட்ரஜன், ஹீலியம், அம்மோனியா. கோட்டுக்குப் பின்னால் 'வை' நிற்கும்போது அம்மோனியாவைத் தவிர எதுவும் ஒட்டாது! வேதியியல் தெரியாத தமிழ்ப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கும். கோட்டை வாக்கியத்தின் நடுவில் போடாமல், 'பயன்படுத்தும் வாயு எது?' என்று முழுக் கேள்வியாகக் கேட்டால் தீர்ந்தது.

எனக்கும் ஒரு கேள்வி. கணக்கில் தப்புக்கு ஒரு விதி இருக்கிறது. இலக்கணத்தில் என் பிள்ளைகள் விதியே இல்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். அங்கே என்ன செய்வது?

---

சுண்ணக்கட்டி

அய்யா, உங்கள் பாடத்திலும் விதி இருக்கும். நமக்குக் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 'வந்தவர்' என்ன வகைச் சொல் என்று ஆப்ஷன் கொடுக்காமல் கேளுங்கள். ஒரு துண்டுத்தாளில் சொல்லையும், பக்கத்தில் ஏன் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். சிலர் பெயரெச்சம் என்பார்கள், 'வந்த' என்பது கண்ணில் பட்டிருக்கும். சிலர் தொழிற்பெயர் என்பார்கள், வருதல் ஒரு தொழில், கூடவே அது பெயர் என்பது வரை யோசித்திருப்பார்கள். சிலர் வினைமுற்று என்பார்கள், 'அவர் வந்தார்' காதில் ஒலித்திருக்கும். வினையாலணையும் பெயருக்கு இந்த மூன்றுமே நல்ல பகை. ஆகுபெயர், உவமைத்தொகை என்று புத்தகத்திலிருந்து அள்ளிப் போட்டால் அவை நிரப்பல்தான்.

வால்பாறை டீச்சருக்கும் இதே பதில். தப்பு விடையை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டாம். போன வருஷ நோட்டு, போன மாத விடைத்தாள், இவற்றில் திரும்பத் திரும்ப வரும் தப்பைப் பொறுக்கி எடுங்கள். நாமாகக் கற்பனை செய்யும் தப்பு நம் வயசுக்காரர் செய்யும் தப்பாகத்தான் இருக்கும்.

---

மட்டக்களப்பான்

நோட்டில இருந்து எடுத்த ஒண்டு என்னட்டையும் இருக்கு. தரம் 7 பிள்ளையள். 2.5 மணித்தியாலம் எண்டா எவ்வளவு? கொஞ்சப் பேர் 2 மணி 5 நிமிடம் எண்டு எழுதினவை. இன்னும் கொஞ்சப் பேர் 2 மணி 50 நிமிடம். 2 மணி 30 நிமிடம் எண்டவை குறைவு. முதலாவது ஆக்கள் புள்ளியை மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில நிக்கிற வேலி எண்டு எடுக்கினம். இரண்டாவது ஆக்களுக்கு 5 பத்தில ஐந்து எண்டு தெரியும், அதால 0.50 எண்டும் தெரியும், ஆனா ஒரு மணிக்கு நூறு நிமிடம் எண்டு நினைச்சுப் போடினம். ரெண்டு பேருக்கும் ஒரே விளக்கம் சொல்லேலாது.

---

கயத்தாறு_கணக்கு

அருமையான கேள்வி சார் இது. எங்க ஊர்ல இதுக்கு இன்னொரு தலைவலி கிரிக்கெட். 4.5 ஓவர்னா நாலு ஓவர் அஞ்சு பந்து. 4.6 வந்தா அது 5. எங்க கிளாஸ்ல ஒருத்தன் 'அஞ்சு பந்து போட்டாச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி, அப்புறம் எப்படி சார் 0.5 பாதி?'ன்னு கேட்டான். அவன் மேல தப்பே இல்ல. நாமளும் மத்தியானம் ரெண்டரையை 2.30 மணின்னுதானே எழுதுறோம். புள்ளி எல்லா இடத்துலயும் தசமப்புள்ளி இல்லன்னு பாடப்புத்தகம் எங்கயும் சொல்றதில்ல.

---

பாடப்பெட்டி

நான் வகுப்பறை ஆசிரியர் இல்லை. ஒன்பது நிமிடக் கணக்கு வீடியோக்கள் செய்து, இடையில் நிறுத்திக் கேள்வி வைக்கிறோம். எங்களுக்கு விரல் பார்க்க வழியில்லை, அதனால் ஒவ்வொரு தப்பு விடைக்கும் தனித்தனிப் பதில் போக வேண்டும். Moodle என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதில் கேள்விகளை ஏற்றும் GIFT வடிவத்தில் சுண்ணக்கட்டி ஐயாவின் கேள்வி இப்படி இருக்கும்:

```
::தசமம் 1::மிகப் பெரிய எண் எது? {
~0.436 #மூன்று எண்ணிலும் பத்தில் ஒன்றாம் இடத்தை மட்டும் பாருங்கள்.
~0.5 #0.62-ல் பத்தில் ஒன்றுகள் எத்தனை? 0.5-ல் எத்தனை?
=0.62 #எந்த இடத்தை முதலில் பார்த்தீர்கள்?
}
```

கூகுள் ஃபார்ம்ஸில் சரி, தப்பு இரண்டுக்கும் தலா ஒரு பதில்தான் எழுத முடியும், ஆப்ஷன் வாரியாக முடியாது. அங்கே நாங்கள் செய்யும் வழி: கேள்வியில் `Go to section based on answer` போட்டு, ஒவ்வொரு விடையையும் அதற்கான தனிப் பகுதிக்கு அனுப்பிவிடுவோம். `Shuffle option order` போடுகிறவர்கள் 'மேற்கண்ட அனைத்தும்' வைக்காதீர்கள். அது மேலே போய் உட்கார்ந்துகொண்டு மேற்கண்ட எதையும் காட்டாமல் விழிக்கும்.

---

சுண்ணக்கட்டி

பாடப்பெட்டி, 'தவறு, சரியான விடை 0.62' என்று போடாமல் கேள்வியாகப் போட்டது நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும்: 0.436 போட்ட பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதாது என்று நினைக்கிறேன். அதற்கு பத்தில் ஒன்றாம் இடம் என்றால் என்ன என்பதே தெரிந்திருக்காது.

வகுப்பிலும் அப்படித்தான், விரலைப் பார்த்த பிறகு என்ன செய்வது என்பதைக் கேள்வி எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு விரல், அதாவது 0.5 அதிகமாகத் தெரிந்தால், பிள்ளைக்கு இடம் தெரியும், ஒரே எண்ணில் பல இடங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் தெரியவில்லை. 0.62-ஐப் பிரித்து எழுதச் சொன்னால் போதும்: ஆறு பத்தில் ஒன்று, இரண்டு நூறில் ஒன்று. ஆறு பெரிதா, ஐந்து பெரிதா? ஐந்து நிமிஷ வேலை. ஒரு விரல் அதிகமாகத் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் முடியாது. கட்டத்தாளில் பத்துக்குப் பத்துச் சதுரம் வரைந்து, 0.5-க்கு ஐந்து வரிசையும், 0.62-க்கு ஆறு வரிசை இரண்டு கட்டமும் வண்ணம் அடிக்க வைக்க வேண்டும். மூன்று விரலும் சமமாகக் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் ஊகம்தான், அன்றைக்கு ஒப்பிடுதலைத் தொடவே வேண்டாம்.

---

பிஎட்_பெஞ்ச்

ஒரு விரல் காட்டினவங்களுக்கு எதுக்கு ஐயா அவ்வளவு நேரம்? பின்னால பூஜ்யம் சேர்த்து 0.436, 0.500, 0.620-ன்னு எழுதச் சொன்னா உடனே சரியா வந்துடுமே. எங்க பயிற்சிப் பள்ளியில எல்லா டீச்சரும் அப்படித்தான் சொல்லித் தர்றாங்க.

---

கயத்தாறு_கணக்கு

விடை வந்துரும் தம்பி. ஆனா அவன் என்ன பண்றான்னு பாருங்க: 436, 500, 620. முழு எண்ணாத்தான் ஒப்பிடுறான். எந்தத் தப்பு யோசனையைப் பிடிச்சு நீங்க திருத்தணுமோ, அதை வச்சே சரியான விடைக்கு ஏணி போட்டுக் கொடுத்தாச்சு. அடுத்த மாசம் பூஜ்யம் சேர்க்க மறந்தா திரும்ப 0.436-தான்.

---

பிஎட்_பெஞ்ச்

சரிதான். ஆனா 0.5-ம் 0.50-ம் ஏன் சமம்னு புரிஞ்சு சேர்த்தா அது தப்பில்லையே?

---

கயத்தாறு_கணக்கு

புரிஞ்சு சேர்த்தா தப்பில்ல. அது புரிஞ்சவனுக்கு இந்தக் கேள்வியே தேவையில்ல.

---

வால்பாறை_டீச்சர்

பி செக்‌ஷனில் போட்டுப் பார்த்தேன். 0.436, 0.5, 0.62. இரண்டு விரல்தான் அதிகம், ஐயா சொன்னபடியே. 0.62-ஐப் பிரித்து எழுதியதும் நிறைய முகம் தெளிந்தது.

ஆனால் மூன்று விரல் காட்டிய ஒரு பையனை எழுப்பி 'ஏன்?' என்று கேட்டேன். '62 பைசா டீச்சர், மத்தது 50 பைசா, 43 பைசா' என்றான். 'அந்த 6 என்ன ஆச்சு?' என்றால் 'பைசாவில் மூணு நம்பர் வராது, அதை விட்டுட்டேன்' என்கிறான். விடை சரி. ஆனால் யோசனை சரியா தப்பா என்றே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பைசாவையே கண்ணால் பார்க்காத பையன், பெட்ரோல் பங்க் போர்டில் பார்த்திருப்பான் போல.

---

சுண்ணக்கட்டி

இந்தக் கேள்வி அவனைப் பிடிக்காது. இரண்டு இலக்கத்தோடு நறுக்கிக்கொள்கிறவர்களுக்கு இந்த மூன்று எண்ணிலும் சரியான விடையே வரும். ஒரு கேள்வி எல்லாத் தப்பையும் பிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவனுக்கு வேறு கேள்வி வேண்டும்:

எது பெரியது?
அ) 4.45  ஆ) 4.4502  இ) இரண்டும் சமம்

நறுக்குகிறவன் 'இ' போடுவான். குட்டை பெரிசு கட்சி 'அ'. நீளம் பெரிசு கட்சி இங்கே தப்பித்துச் சரியாகப் போட்டுவிடும், அவர்களை முதல் கேள்வியே பிடித்திருக்கும். 'ஏன்?' என்று கேட்டது மிகச் சரி. கேள்வி நல்ல கேள்வியா என்று தெரிய வேறு வழி இல்லை: சரியாகப் போட்டவர்களில் இரண்டு மூன்று பேரிடம் காரணம் கேட்க வேண்டும். தப்பாகப் போட்டவர்களை மட்டுமே கேட்பது நம் பழக்கம்.

---

தமிழய்யா

எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. இவ்வளவு நம்பும்படியாகத் தப்பு விடைகளை எழுதிப் போர்டில் வைத்தால், அதுவரை அப்படி நினைக்காத பிள்ளை மனத்திலும் அது ஏறிவிடாதா? எழுத்துப்பிழைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். தவறான சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

---

சுண்ணக்கட்டி

உங்கள் பயம் நியாயமானது. ரோடிகர், மார்ஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல்தேர்வு எழுதியவர்கள் பொதுவாக மேலும் நன்றாக நினைவில் வைத்தார்கள். கூடவே, தாங்கள் தேர்ந்தெடுத்த தப்பு விடையில் சிலதைப் பிறகு சரி என்றே எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வில், விடை சரியா தப்பா என்று சொல்லிவிட்டால் அந்தக் கேடு பெருமளவு குறைகிறது என்று தெரிந்தது. ஆகவே கேட்டுவிட்டு மணி அடித்ததும் கிளம்பிவிடக் கூடாது. அந்தப் பாடவேளைக்குள் முடிக்க நேரம் இருந்தால்தான் கேளுங்கள்.

---

தமிழய்யா

அது பொது அறிவுக் கேள்விக்குச் சரி. எழுத்துப்பிழைக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 'கருப்பு, கறுப்பு' என்று இரண்டையும் காட்டி எது சரி என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். சொல்வதை எழுதச் சொல்லித்தான் பார்க்கிறேன்.

---

கயத்தாறு_கணக்கு

அய்யா, எழுத்துப்பிழைக்கு நீங்க சொல்றதுதான் சரின்னு எனக்கும் தோணுது. அங்க தப்புக்குப் பின்னால யோசனை இல்ல, காதும் கண்ணும்தான். ஆப்ஷன் குடுத்து என்ன கண்டுபிடிக்கப் போறோம்?

(அது சரி, கருப்பா கறுப்பான்னு இங்க ஆரம்பிச்சா திரி நூறு பக்கம் போகும். வேணாம்.)

---

மட்டக்களப்பான்

வால்பாறை டீச்சர், அந்த 4.45 கேள்வியைப் போட்டால் முடிவைச் சொல்லுங்கோ. நான் 2.5 மணித்தியாலக் கேள்வியில மூண்டு விடையோட நிப்பாட்டுறன், ஆனா '2 மணி 25 நிமிடம்' எண்டு நாலாவதா ஒண்டு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன். ஒரேயொரு பிள்ளைதான் அப்படி எழுதினது. ஏன் எண்டு கேட்டும் அதால சொல்லத் தெரியேல்ல.